குடித்த மறுநாள் வரும் படபடப்பு

சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு உட்கார்ந்து அளவுக்கு மேல் குடித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வலிக்கும், நாக்கு வறளும், வயிற்றைப் பிரட்டும். இது குடிக்காதவர்களுக்கும் தெரிந்த சங்கதி. மோர் குடி, எலுமிச்சம்பழம் பிழிந்து குடி என்று ஆளாளுக்கு வைத்தியமும் சொல்வார்கள். ஆனால் குடிப்பவர்களில் பலர் அனுபவித்தும் வெளியே சொல்லாத இன்னொன்று உண்டு. காரணம் புரியாத பயம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வியர்க்கும். போன் அடித்தால் தூக்கிவாரிப்போடும். ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது, அது இன்னும் நமக்குத் தெரியவரவில்லை, அவ்வளவுதான் என்பது மாதிரி ஓர் உணர்வு உடம்பு முழுக்க ஓடும்.

அந்த நேரத்தில்தான் நண்பனுக்குப் போன் போகும். "மாப்ள, நேத்து நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாடா?" என்று இவர் கேட்பார். "ஒண்ணும் இல்லடா, சாப்பிட்டுப் பேசாமப் படுத்துட்ட" என்று அவன் சொல்வான். அதைக் கேட்ட பிறகும் படபடப்பு அடங்காது. அவன் எதையோ மறைக்கிறான் என்று அடுத்த சந்தேகம் கிளம்பும்.

இதைக் குற்ற உணர்ச்சி என்று நினைப்பவர்கள் அதிகம். மனசாட்சி உறுத்துகிறது, நல்லதுதான் என்று வீட்டில் இருப்பவர்களும் விட்டுவிடுவார்கள். உறுத்தலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் யாரையும் திட்டாமல், வண்டியைக் கீழே போடாமல், செலவுக்கு மேல் செலவு செய்யாமல், சும்மா குடித்துவிட்டுத் தூங்கியவருக்கும் இந்தப் பயம் வருகிறது. அப்படியென்றால் அது வேறெங்கிருந்தோ வரவேண்டும். வருவது மூளையிலிருந்து, அதுவும் ஏறக்குறைய நேரம் குறித்துச் சொல்லக்கூடிய ஒரு கணக்கின்படி.

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சுக்கு இரண்டு வேதிப்பொருள்கள் முக்கியம். ஒன்று குளூட்டமேட். இது ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போய் அதை உசுப்பிவிடும். இன்னொன்று காபா. இது போய்ச் சேரும் செல் அடங்கும். மூளையில் காபா இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி யூஜின் ராபர்ட்ஸ் 1950-இல் கண்டறிந்து சொன்னார். இந்த இரண்டும் சரியான விகிதத்தில் இருப்பதால்தான் நாம் விழிப்போடும் இருக்கிறோம், நிதானமாகவும் இருக்கிறோம். குளூட்டமேட்டின் கை எல்லை மீறி ஓங்கினால் வலிப்பு வரை போகலாம். காபாவின் கை எல்லை மீறி ஓங்கினால் மயக்கம், அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்பது.

சாராயம் இந்த இரண்டு பக்கமும் கை வைக்கிறது. நரம்பு செல்லின் மேல்தோலில் காபா வந்து ஒட்டிக்கொள்வதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. காபா ஒட்டியதும் அந்த ஏற்பியின் நடுவில் ஒரு சிறு வழி திறந்து குளோரைடு அயனிகள் செல்லுக்குள் நுழையும். அதனால்தான் செல் அடங்குகிறது. சாராயம் இருக்கும்போது இந்த அடக்கும் வேலை இன்னும் பலமாக நடக்கிறது. இன்னொரு பக்கம், குளூட்டமேட் வேலை செய்யும் என்எம்டிஏ என்ற ஏற்பியைச் சாராயம் மந்தமாக்குகிறது. இதை 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் நரம்பு செல்களில் அளந்து காட்டினார்கள். ஆக, அடக்குவது கூடுகிறது, உசுப்புவது குறைகிறது. முதல் ரவுண்டு உள்ளே போனதும் தோள் தளர்வதும், மேலதிகாரியின் முகம் மறந்துபோவதும், கூச்சப்பட்டு மூலையில் இருந்தவர் பாட ஆரம்பிப்பதும் இதனால்தான். பயம் நிஜமாகவே குறைகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் குடியைப் பற்றிப் பேசினால் குடிப்பவர் காதில் ஏறாது.

சிக்கல் அடுத்த சில மணி நேரத்தில் தொடங்குகிறது. மூளைக்கு இந்த நிலை பிடிப்பதில்லை. இயல்பான விகிதம் கெட்டால் அதைத் திரும்பச் சமன்படுத்தப் பார்ப்பது அதன் சுபாவம். அடக்கும் பக்கம் அளவுக்கு மேல் பலமாகிவிட்டதா, காபா ஏற்பிகளில் சிலவற்றைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, இருப்பவற்றின் கூறுணர்வையும் குறைக்கிறது. உசுப்பும் பக்கம் மந்தமாகிவிட்டதா, அதை முடுக்குகிறது. கலிஃபோர்னியாவில் 2007-இல் எலிகளுக்கு ஒரே ஒரு முறை பெரிய அளவில் சாராயம் கொடுத்துப் பார்த்தார்கள். சாராயத்துக்கு மிகவும் வளைந்துகொடுக்கும் ஒரு வகைக் காபா ஏற்பி சில மணி நேரத்துக்குள் மேற்பரப்பில் குறைந்துவிட்டது. வருஷக்கணக்கில் குடித்தால்தான் மூளை மாறும் என்றில்லை, ஒரு ராத்திரியே அது வேலையைத் தொடங்கப் போதும் என்பதற்கு இது சான்று. செல்லுக்குள் நடப்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இப்படி எலிகளிடமிருந்து வந்ததுதான். மனிதர்களிடம் நாம் பார்ப்பது அதன் வெளி அடையாளங்களை.

அந்த அடையாளங்களில் ஒன்றை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கவனித்துவிட்டார். இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் மெல்லன்பி 1919-இல் நாய்களுக்குச் சாராயம் கொடுத்து ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே வந்தார். அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது நாய் தள்ளாடியது. அதே அளவு, ஆனால் இறங்கிக்கொண்டிருக்கும்போது, நாய் அந்த அளவுக்குத் தள்ளாடவில்லை. நடுவே கழிந்த நேரத்தில் மூளை எதிர்வேலை பார்த்துவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். நம்மூரில் "இப்பத்தான் தெளிஞ்சிட்டேனே, வண்டிய எடுக்கலாம்" என்று சொல்பவர் அனுபவிப்பதும் இதையே. ரத்தத்தில் சாராயம் அப்படியே இருக்கிறது, அதற்கு எதிராகத் தள்ளும் பலம்தான் கூடியிருக்கிறது.

ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் பலமாகத் தள்ளுகிறார், உள்ளே இருப்பவர் அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு அசையாமல் நிற்கும். வெளியே நின்றவர் மெல்ல விலகிப் போய்விட்டால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தவர் கதவோடு வெளியே வந்து விழுவார். சாராயம் ரத்தத்தை விட்டு வெளியேறும்போது மூளைக்கு நடப்பது ஏறக்குறைய இதுதான். சாராயம் போய்விட்டது. ஆனால் அதற்கு எதிராக மூளை செய்துவைத்த ஏற்பாடுகள் உடனே கலைவதில்லை. காபாவின் பிடி தளர்ந்திருக்கிறது, குளூட்டமேட்டின் கை ஓங்கியிருக்கிறது. அடக்க ஆளில்லாமல் உசுப்பும் பக்கம் மட்டும் சில மணி நேரம் கூத்தாடுகிறது. அந்தச் சில மணி நேரம்தான் மறுநாள் படபடப்பு.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ராத்திரி 8 மணிக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தியோடு உட்காருகிறார், 10 மணிக்குள் முடித்துவிடுகிறார். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். இதைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. கல்லீரலுக்கு அவசரம் தெரியாது. மணிக்கு ஏழு எட்டு கிராம்தான் அதன் வேகம். மோர் குடித்தாலும், குளித்தாலும், வாந்தி எடுத்தாலும், ரத்தத்தில் கலந்துவிட்டதைப் பொறுத்தவரை அந்த வேகம் மாறாது.

10 மணி வாக்கில் இவருடைய 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். நள்ளிரவில் இவருக்கு 70-க்கு இறங்கும். 2 மணிக்கு 40. விடியற்காலை 4 மணி, நாலரை மணிக்கு ஏறக்குறைய காலி. குடித்துவிட்டுப் படுத்தவர்கள் பலர் மிகச் சரியாக இந்த நேரத்தில்தான் முழித்துக்கொள்கிறார்கள். வீடு அமைதியாக இருக்கும், ஃபேன் ஓடும், பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இவருக்கு மட்டும் கண் கொட்டக் கொட்ட விழிப்பு, கழுத்தில் நாடி துடிப்பது தலையணையில் கேட்கும். கடன், வேலை, அப்பாவின் ஆபரேஷன் என்று எல்லாக் கவலைகளும் வரிசையாக வரும். கவலைகள் புதியவை இல்லை. அவற்றை அடக்கிவைக்கிற காபா அந்த நேரத்தில் பலவீனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆள் குவார்ட்டருக்குப் பதில் ஆஃப் அடித்திருந்தால் கணக்கு மாறும். 375 மில்லியில் 127 கிராம் ஆல்கஹால். அதைக் கல்லீரல் முடிக்கப் பதினேழு மணி நேரம் ஆகும். 8 மணிக்குத் தொடங்கியது மறுநாள் பகல் ஒரு மணிக்குத்தான் தீரும். காலையில் எழும்போது இவருக்குப் பயம் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் இன்னும் மப்பு முழுதாகத் தெளியவில்லை. அதே நிலையில் காலை 9 மணிக்கு இவர் வண்டி எடுத்தால் சட்டப்படியும் அது குடித்துவிட்டு ஓட்டுவதுதான். படபடப்பு இவருக்கு ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்துச் சாயங்காலம் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற நினைப்பும் அப்போதுதான் வரும் என்பதால், ஆபீஸ் பிடிக்காததால் வருகிற பயம் என்று இவர் நினைத்துக்கொள்வார். ஹேங்ஓவரின் தொல்லைகள் ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அதனால் எவ்வளவு குடித்தார், எப்போது நிறுத்தினார் என்று தெரிந்தால் பயம் எப்போது வரும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். பெண்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் உடம்பில் நீரின் அளவு குறைவு என்பதால் அதே குவார்ட்டர் இன்னும் உயரமாக ஏறும்.

படுத்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேனே, பிறகு ஏன் களைப்பு என்று கேட்பார்கள். குடித்த பிறகு வரும் தூக்கத்தின் முதல் பாதி கனமாகத்தான் இருக்கும். ஆனால் கனவு காணும் தூக்கக் கட்டத்தைச் சாராயம் அமுக்கிவைக்கிறது. பின்னிரவில் சாராயம் இறங்க இறங்க, அமுக்கிவைத்தது பொங்கி வரும். கனவுகள் குழப்பமாகவும் பயமாகவும் வரும், தூக்கம் துண்டு துண்டாக உடையும். தூக்கம் கெட்ட மூளை சின்ன விஷயத்துக்கும் பெரிதாகப் பயப்படும். மூளையில் பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பகுதி, தூங்காத மறுநாளில் வேகமாகத் துள்ளுவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். காபா தளர்ந்ததோடு இதுவும் சேர்கிறது.

உடம்பும் தன் பங்குக்கு விறகு போடும். மூளை உசுப்பப்பட்ட நிலையில் இருக்கும்போது நார்அட்ரினலினும் கார்ட்டிசோலும் கூடும். நாடி வேகமாகும், கை லேசாக நடுங்கும், வியர்க்கும். வெறும் வயிற்றில் குடித்தவருக்குச் சர்க்கரை குறைவதும் உண்டு. கல்லீரல் ஆல்கஹாலைச் சிதைப்பதில் மூழ்கியிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை தடைப்படும் என்பதே காரணம். சர்க்கரை குறைந்தால் வருவதும் இதே நடுக்கம், இதே வியர்வை, இதே படபடப்பு. இன்சுலின் போடுபவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை வெறும் ஹேங்ஓவர் என்று விட்டுவிடக் கூடாது. குளுக்கோமீட்டரில் உடனே பார்த்துவிட வேண்டும்.

காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டால் மனசு சும்மா இருக்காது. காரணம் தேடும். தேட வசதியாக ஒரு இடமும் கிடைக்கும், நேற்று ராத்திரி. அதிலும் நேற்று ராத்திரியில் சில பகுதிகள் காணாமல் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியைச் சாராயம் மந்தமாக்குகிறது என்று சொன்னோம் அல்லவா, புது நினைவுகளைப் பதிவதற்கு அந்த ஏற்பி தேவை. நிறைய குடித்தவர் பேசுவார், நடப்பார், பிரியாணிக்கு ஆர்டர் கொடுப்பார், ஆனால் எதுவும் மூளையில் பதியாது. மறந்துபோனதாகச் சொல்கிறோம், உண்மையில் அது எழுதப்படவே இல்லை. ஆகவே எவ்வளவு யோசித்தாலும் திரும்ப வராது. வெற்றிடத்தைப் பயந்த மூளை மோசமான ஊகங்களால் நிரப்பிக்கொள்கிறது. "ஒண்ணும் இல்லடா" என்று நண்பன் சத்தியம் செய்தாலும் நம்பிக்கை வராததன் காரணம் இதுவே.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. பிரிட்டனில் செலியா மார்கன், பெத் மார்ஷ் ஆகியோர் செய்து 2019-இல் வெளியான ஒரு ஆய்வில், ஏறக்குறைய நூறு பேரைக் குடித்த ராத்திரியிலும் மறுநாள் காலையிலும் விசாரித்தார்கள். அளவுக்கு அதிகமாகக் கூச்சப்படுபவர்களுக்குக் குடிக்கும்போது பதற்றம் கொஞ்சம் குறைந்தது. மறுநாளோ, மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியது. அப்படி மறுநாள் பதற்றம் கூடிய கூச்ச சுபாவிகளிடம் குடிப்பழக்கப் பிரச்சினைக்கான அறிகுறிகளும் அதிகம் தென்பட்டன. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம். கல்யாண வீட்டில் நாலு பேரோடு பேசக் கூச்சப்படுகிறவர்தான் தைரியத்துக்கென்று குடிக்கிறார். மறுநாள் அதிகப் பயத்தோடு எழுவதும் அவரே. அந்தப் பயத்துக்கு மருந்து எது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த மருந்தைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். "காலையில ஒரு கட்டிங் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது குடிப்பவர்கள் நடுவே பழைய வைத்தியம். அதில் உண்மை இருப்பதுதான் ஆபத்து. கட்டிங் உள்ளே போன கால் மணி, அரை மணியில் நடுக்கம் நிற்கும், பயம் விலகும். விலகிப் போன சாராயத்தைத் திரும்பக் கூப்பிட்டுக் கதவில் நிறுத்தியாயிற்று அல்லவா. ஆனால் மூளை தன் எதிர்வேலையைக் கைவிடக் கிடைத்த அவகாசம் பறிபோகிறது. அது இன்னும் பலமாகத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இறங்கும்போது பயம் கூடுதலாக இருக்கும், அதை அடக்கக் கூடுதலாகத் தேவைப்படும். குடிநோயைக் கண்டுபிடிக்க வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவர் ஜான் ஈவிங் வகுத்த வெறும் நான்கு கேள்விகள் 1984-இல் வெளியாயின. இன்றும் மருத்துவர்கள் கேட்பவை அவை. நான்காவது கேள்வி, காலையில் எழுந்ததும் நடுக்கத்தைப் போக்கவோ ஹேங்ஓவரைத் தணிக்கவோ குடித்ததுண்டா என்பது. இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைப் படபடப்பும், குடிக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தும்போது படும் அவஸ்தையும் இரண்டு வேறு நோய்கள் அல்ல. ஒன்று சிறியது, ஒன்று பெரியது. இதை நிரூபித்த பரிசோதனையின் கதை கொஞ்சம் சங்கடமானது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டனில் இருந்த அரசு மருத்துவமனையில், முன்பு மார்ஃபினுக்கு அடிமையாக இருந்த கைதிகளைச் சம்மதம் வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் குடிக்கவைத்தார்கள். ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1955-இல் வெளியிட்ட முடிவு அது. அதுவரை, குடிகாரர்களுக்கு வலிப்பும் பிதற்றலும் வருவது சாப்பிடாமல் கிடந்து சத்துக் குறைந்ததால்தான் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். இந்தக் கைதிகளுக்கு நல்ல சாப்பாடும் விட்டமினும் கொடுக்கப்பட்டன. அப்படியும் குடியை நிறுத்தியதும் நடுக்கம் வந்தது, சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் இல்லாததைப் பார்த்துப் பிதற்றினார்கள். எவ்வளவு நாள் குடித்தார்களோ அதற்கேற்ப மோசமாக இருந்தது. கைதிகளை வைத்து இப்படிச் செய்ய இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் குடி நிற்பதால்தான் அந்த அவஸ்தை என்பது அதோடு தீர்மானமாயிற்று.

வாரா வாரம் சனிக்கிழமை மட்டும் குடிப்பவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வரும் ஒவ்வொரு முறையும் மூளையின் உசுப்பும் பக்கம் இன்னும் சுலபமாகத் துள்ளப் பழகுகிறது என்ற கருத்தை 1978-இல் பாலெஞ்சர், போஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் முன்வைத்தார்கள். குடியை நிறுத்தித் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த முறை வலிப்பு வரும் வாய்ப்பு கூடியதைப் பிறகு வந்த ஆய்வுகளும் கண்டன. இருபது வயதில் ஆஃப் அடித்துவிட்டுக் காலையில் கிரிக்கெட் ஆடியவர் முப்பத்தைந்தில் குவார்ட்டருக்கே மறுநாள் பயந்து நடுங்குவதாகச் சொன்னால், அதை வயசாகிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, பயம் வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு ராத்திரிக் குடியால் வந்தது என்றால் மூளை தானாகவே பழைய விகிதத்துக்குத் திரும்பும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதைச் சீக்கிரப்படுத்த மருந்து கிடையாது. தண்ணீர் நா வறட்சிக்கும் தலைவலிக்கும் உதவும், காபா ஏற்பிகளை அது தொடாது. கஞ்சியோ இட்லியோ சாப்பிட்டால் சர்க்கரை குறைவால் வரும் நடுக்கமாவது மிஞ்சாது. கடுங்காபி வேண்டாம். ஏற்கெனவே வேகமாக அடிக்கும் நெஞ்சை அது இன்னும் விரட்டும். அன்றைக்கு யாருக்கும் மன்னிப்புக் கேட்டு நீளமாக வாட்ஸ்அப் அனுப்பவும் வேண்டாம், வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை படித்துப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

பதற்றத்துக்கென்று வீட்டில் யாரோ சாப்பிடும் அல்பிரசோலம் மாத்திரையைப் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது. அந்த வகை மாத்திரைகள் வேலை செய்வதும் சாராயம் வேலை செய்யும் அதே காபா ஏற்பியில்தான். ரத்தத்தில் மிச்சச் சாராயம் இருக்கும்போது அதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். மருத்துவமனையில் குடியை நிறுத்த வருபவர்களுக்கு இதே குடும்பத்து மாத்திரையான குளோர்டயசெபாக்சைடைத்தான் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே நாடி பார்க்க, மூச்சு பார்க்க ஆள் இருக்கிறார்கள், அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டும் வருகிறார்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்றுதான், குறைவாகக் குடிப்பது. சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குடித்தால் ரத்தத்தில் உச்சம் தாழ்வாக இருக்கும், மூளையும் எதிர்த்துத் தள்ளுவது குறையும். பிராண்டை மாற்றுவதால் காபாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அறவே விட்டவருக்கு இந்தப் பயமும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில அடையாளங்களைக் கண்டால் வீட்டில் இருக்கக் கூடாது. நெஞ்சு வேகமாக அடிப்பதோடு தாறுமாறாகவும் அடித்தால், நெஞ்சு வலித்தால், கண் இருட்டினால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். அதிகம் குடித்த விடுமுறை நாட்களுக்குப் பிறகு இதயத் துடிப்பு சீர்கெட்டு வருபவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் எட்டிங்கர் குழுவினர் 1978-இலேயே எழுதியிருக்கிறார்கள். அது பயத்தால் வரும் படபடப்பு அல்ல, இதயத்தின் கோளாறு. படபடப்பு இரண்டு மூன்று நாளாகியும் அடங்கவில்லை என்றாலும், குடிக்காத வாரங்களிலும் வருகிறது என்றாலும், அது தனியான பதற்ற நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

தினமும் குடிப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று தானாகவே முடிவெடுக்க வேண்டாம். அவருக்குக் கடைசி ரவுண்டுக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பிதற்றலும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்து வரலாம். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் டெலி மானஸ் எண் 14416-க்கோ, போதை மீட்பு உதவி எண் 14446-க்கோ பேசுங்கள். நிறுத்துங்கள், ஆனால் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.